கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கேம் திணறுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஊர் மன்னார்குடி. தம்பிக்காக போன மாதம் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5 முப்பது எஃப்பிஎஸ்ஸைக்கூடத் தொடவில்லை. ஐ5-12400 பிராசசர், ஹெச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. 1600×900 பழைய மானிட்டர், அதில் விஜிஏ மட்டும்தான்.

டிரைவரை முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம், செட்டிங்கையும் குறைத்தோம். பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், Intel UHD Graphics 730 நூறு சதவீதத்தில் நிற்கிறது, 3060 கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது. கார்டின் விசிறிகூடச் சுற்றவில்லை.

பின்பக்கம் பார்த்தால், பொருத்தித் தந்தவர் விஜிஏ கேபிளை யுஎஸ்பி போர்ட்டுகள் பக்கத்தில், மதர்போர்டிலேயே செருகியிருக்கிறார். அதனால்தான் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் வரைகிறது என்று நினைக்கிறேன். ஆனால் கீழே கார்டில் ஒரு ஹெச்டிஎம்ஐ, மூன்று டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே, விஜிஏ கிடையாது. புது மானிட்டர் அறுவடைப் பணம் வந்த பிறகுதான்.

அதுவரை, உள்ளே சிப் உள்ள ஹெச்டிஎம்ஐ–விஜிஏ அடாப்டரைக் கார்டில் மாட்டினால் 1600×900-இல் 3060 முழு வேகத்தில் ஓடுமா?