முதலில் தீரும் வினைபொருளுக்கு என்ன பெயர்?

பாலக்கோடு ஆசிரியை:
பதினோராம் வகுப்புப் பயிற்சித்தாள் நாளை அச்சுக்குப் போகிறது. பாடநூல் சொல் ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’. பிள்ளைகள் இதை வினைவேக மாற்றியோடு குழப்புகிறார்கள். ஏதோ ஒன்று வினைக்கு பிரேக் போடுவதாக நினைக்கிறார்கள். வகுப்பில் நான் சொன்ன கணக்கு இது: ஒரு களி உருண்டைக்கு இரண்டு கரண்டி கீரைக் குழம்பு. குழம்பு தீர்ந்தால் பந்தி முடிந்தது, உருண்டை எத்தனை மிஞ்சினாலும் சரி. ‘தீர்பொருள்’ என்று போடலாமா?

தருமபுரி புலவர்:
தீர்பொருள் நல்ல வினைத்தொகைதான், அம்மா. ஆனால் விகிதம் சரியாக இருந்தால் இரண்டுமே தீருமே! ‘மட்டுப்பொருள்’ என்பேன். மட்டு என்றால் எல்லை. ‘மட்டில்லா மகிழ்ச்சி’ என்கிறோம். சங்கப் பாடல்களில் மட்டு கள்ளையும் குறிக்கும். சாடியின் விளிம்பு மட்டும் நிறைந்ததால் கள்ளுக்கு அந்தப் பெயர் வந்திருக்குமோ என்று எனக்கொரு ஐயம். தெலுங்கில் மட்டம், கன்னடத்தில் மட்ட...

ஓசூர் ஆலைக்காரர்:
ஐயா, மட்டம் என்றால் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு மட்டம் போடுவதுதான் ஞாபகம் வரும். எங்கள் ஆலையில் விலை கூடின சரக்கு முழுசாகத் தீரட்டும் என்று மலிவானதைக் கொஞ்சம் கூடுதலாகவே போடுவோம். அங்கே எல்லாருக்கும் அது ‘லிமிட்டிங்’. அதையே எழுதினால் என்ன?

பென்னாகரம் நண்பர்:
எது எடை குறைவோ அதுதானே முதலில் தீரும்? ‘குறைபொருள்’ போதும்.

கிருஷ்ணகிரி பேராசிரியர் (ஓய்வு):
அந்தச் சொல்லே தவறாக வழிகாட்டும். 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். எடை கூடினது ஆக்சிஜன். முதலில் தீர்வதும் அதுதான். ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல்தான். அரை மோல் ஆக்சிஜனுக்கு 1 மோல் ஹைட்ரஜன் போதும். 18 கிராம் தண்ணீர் வரும், 2 கிராம் ஹைட்ரஜன் சும்மா நிற்கும். கூட்டினால் அதே 20.

பென்னாகரம் நண்பர்:
சரி, அப்போது மோல் குறைந்தது எதுவோ அது.

கிருஷ்ணகிரி பேராசிரியர்:
அதுவும் இல்லை. 3 மோல் ஹைட்ரஜன், 2 மோல் ஆக்சிஜன் எடுங்கள். எண்ணிக்கையில் குறைவு ஆக்சிஜன், தீர்வது ஹைட்ரஜன். டீச்சரின் களியில் 3 கரண்டி, 2 உருண்டை. குழம்பு ஒன்றரை உருண்டைக்குத்தான் வரும். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணால் மோலை வகுத்து, அப்புறம்தான் எது சிறியது என்று பார்க்க வேண்டும். ‘முந்துதீர்பொருள்’ என்றால் இந்தக் குழப்பம் வராது.

பாலக்கோடு ஆசிரியை:
மூன்று பேர் அதற்குச் சம்மதம் எனத் தனியாக எழுதியிருக்கிறார்கள். தேர்வில் பாடநூல் சொல்தான் வரும் என்பதால் இரண்டையும் போடுகிறேன்.

தருமபுரி புலவர்:
முந்துதீர்பொருள் ஒரே மூச்சில் சொல்ல வருகிறதா, பாருங்கள். மட்டுப்பொருளை நான் விடுவதாக இல்லை. கள் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.