அப்பீல் மனுவில் நான் எழுதிய ஒரு வரி

தேவகோட்டைத் தம்பி
அத்தான் இங்கே ஒரு கடன் சங்கத்தில் 19 வருஷம் எழுத்தர். நகைக்கடன் பாக்கெட்டில் இரண்டரை கிராம் குறைந்தது என்று சஸ்பெண்ட், விசாரணை, டிஸ்மிஸ். அப்பீல் எழுதிக் கொடுத்தது நான். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடகு ரசீதில் சங்கிலி 24 கிராம். மீட்ட அன்று, அடகு வைத்த மெம்பர் நேராக ஒரு நகைக்கடைக்குப் போய், "நிகரம் 21.5" என்று துண்டுச்சீட்டு வாங்கி வந்துவிட்டார். சங்கத்துத் தராசில் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. விசாரணையில், அடகு அன்று சங்கிலியை எடை போட்ட மதிப்பீட்டாளரிடம் அத்தான் ஒரே கேள்விதான் கேட்டார்: "அரக்குக் குண்டைக் கழித்தா எடை போட்டீங்க?" அவர் மேஜையையே பார்த்துக்கொண்டு, "இல்லை, மொத்தமாத்தான் போட்டேன்" என்றார். நான் வெளியே திண்ணையில் இருந்தேன், ஜன்னல் வழியே காதில் விழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

அறிக்கை 11 பக்கம். அந்தப் பதில் எங்கேயும் இல்லை. "பெட்டகச் சாவி இவரிடம் இருந்ததால் குற்றம் நிரூபணம்" என்று முடித்துவிட்டார்கள். இரண்டாவது சாவி செயலாளரிடம் இருந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் என்ன செய்தேன்? நாலு பக்கம் அத்தானின் சர்வீஸ், இரண்டு பெண் பிள்ளைகள், அக்காவின் உடம்பு. கடைசியில் மரியாதைக்காக, "அறியாமல் ஏதேனும் தவறு நேர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்." தள்ளுபடி உத்தரவில் அந்த வரியை மேற்கோள் போட்டு, "தவறை மனுதாரரே ஏற்கிறார்" என்று எழுதிவிட்டார்கள்.

பள்ளத்தூர்க்காரன்
தம்பி, தண்டனைக்கு முன்னால் அறிக்கை நகல் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் டிஸ்மிஸ் அப்படியே செல்லாது. என் சித்தப்பா கேஸில் அதை வைத்துத்தான் ஜெயித்தோம்.

கோட்டையூர் ஆச்சி மகள்
எங்கள் அம்மாவையும் இப்படித்தான் சத்துணவு வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையே கிடையாது, வாய்ச்சொல்தான். மனு எதுவானாலும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். நாங்கள் கொடுத்த மனு வரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அந்த அலுவலகப் படியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

பழைய சங்கச் செயலாளர்
30 வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்து, ஊழியர்களுக்காக விசாரணையில் உட்கார்ந்தவன் நான். பள்ளத்தூர்க்காரர் சொல்வது பாதி. நகல் கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அது கிடைக்காததால் என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தம்பி விஷயத்தில் நகல் கொடுக்கவில்லை என்றால் பாதிப்பு கண்முன் இருக்கிறது: நகல் முன்பே வந்திருந்தால் மதிப்பீட்டாளர் பதில் விடுபட்டதை அப்போதே சுட்டியிருக்கலாம்.

அப்பீலில் சர்வீஸ், குடும்பமெல்லாம் கடைசி ஒரு பத்தி போதும், அதுவும் தண்டனை அதிகம் என்பதற்கு மட்டும். முதலில் வர வேண்டியது இந்த மாதிரி: "அறிக்கை இந்தப் பக்கத்தில் எடைக்குறைவு நிரூபணம் என்கிறது. சாட்சி வாக்குமூலம் இந்தப் பக்கத்தில், இந்தக் கேள்விக்கு, மொத்த எடைதான் போட்டதாகப் பதில். 24 மொத்தம், 21.5 நிகரம். இரண்டையும் ஒப்பிட்டு இழப்பு என்று சொல்ல முடியாது." பக்க எண்ணைப் போட்டுவிட்டால் அதைத் தாண்டிப் போவது அவர்களுக்குக் கஷ்டம்.

அடுத்தது துண்டுச்சீட்டு. எழுதிக் கொடுத்த கடைக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டார்களா?

பள்ளத்தூர்க்காரன்
ஐயா, உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் கிடையாதே? சீட்டைக் காட்டினாலே போதும் என்றுதான் எங்கள் வக்கீல் சொன்னார்.

பழைய சங்கச் செயலாளர்
சட்டம் அப்படியே பொருந்தாது, உண்மை. அதற்காகக் காகிதத்தை மேஜையில் வைத்ததும் அது நிரூபணம் ஆகிவிடாது. 2008இல் ரூப் சிங் நேகி வழக்கைப் பாருங்கள், வங்கி ஊழியர் விவகாரம்தான். ஆவணத்தைப் பற்றி ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும்.

பள்ளத்தூர்க்காரன்
அப்படியென்றால் சித்தப்பா வேறு காரணத்தில் ஜெயித்தாரோ என்னவோ. தீர்ப்பை எடுத்துப் பார்க்கிறேன்.

தேவகோட்டைத் தம்பி
கடைக்காரரைக் கூப்பிடவே இல்லை ஐயா. சீட்டில் கையெழுத்தும் இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். அத்தானும் அதைக் கேட்கவில்லை, நானும் மனுவில் எழுதவில்லை. அப்பீலில் சொல்லாததை இனிமேல் சொல்ல விடுவார்களா? பொறுத்தருள வேண்டும் என்ற வரியை என்ன செய்வது?

பழைய சங்கச் செயலாளர்
அந்த வரி "நேர்ந்திருந்தால்" என்றுதான் இருக்கிறது, நேர்ந்தது என்று இல்லை. அதை வலியுறுத்திச் சொல்லலாம், எடுபடுமா என்பது கேட்பவரைப் பொறுத்தது. அடுத்து தொழிலாளர் நீதிமன்றமா, கூட்டுறவுத் துறையில் சீராய்வா என்பதைக் காரைக்குடியிலோ சிவகங்கையிலோ ஒரு வக்கீலிடம் கேளுங்கள், நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. போகும்போது மதிப்பீட்டாளர் வாக்குமூலம் கையில் இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள்.

தேவகோட்டைத் தம்பி
இப்போதுதான் அக்கா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏழாம் பக்கம். "மொத்தமாகத்தான் எடை போட்டேன்" என்ற வரிக்குக் கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து.