தற்கொலை எண்ணம் கேட்கிற ஓஸ்கி ஸ்டேஷன்: உங்க அனுபவம் சொல்லுங்க

பாலக்கோடு டாக்டர்
போன மாசம் ஹவுஸ் சர்ஜன்களுக்கு, நோயாளியா ஒருத்தரை நடிக்க வெச்சு எப்படிப் பேசுறாங்கன்னு மார்க் போடுற ஓஸ்கி பரீட்சையில, எட்டு நிமிஷ ஸ்டேஷன் வெச்சோம். கேஸ் நான் எழுதினது. 34 வயசு அம்மா, தக்காளி விலை விழுந்து மகளிர் குழுக் கடன் நிக்குது, தலைவலி, தூக்கமில்லைன்னு வந்திருக்காங்க. மூணாவதா வந்த பையன் நல்லாப் பேசினான். அஞ்சாவது நிமிஷம், "தப்பான முடிவெல்லாம் எதுவும் யோசிக்கலையேம்மா?"ன்னு கேட்டான். நடிச்ச சிஸ்டர், ஸ்கிரிப்ட்ல இருந்தபடியே முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டு, "அதெல்லாம் இல்லைங்க"ன்னாங்க. அவன் மூச்சு விட்டுட்டு, ராத்திரி காபி குடிக்காதீங்கன்னு ஆரம்பிச்சுட்டான்.

என் தாள்ல "தற்கொலை பற்றிக் கேட்டார்"னு ஒரே வரி. டிக் போட்டேன். மொத்தம் 20க்கு 15. அந்தம்மா மனசுல இருந்தது ஒண்ணுகூட அவனுக்குத் தெரியாது. அந்த டிக் இன்னும் உறுத்துது. நீங்க எப்படி எழுதுறீங்க?

அரூர் ஹவுஸ் சர்ஜன்
சார், நான் வார்டுலயே அப்படித்தான் கேட்டேன். மாமியார் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. "இல்லை"ன்னாங்க, கேஸ் ஷீட்ல எழுதிட்டேன். மாமியார் டீ வாங்கப் போனதும் அந்தம்மா என் கையைப் பிடிச்சு, "இப்பக் கேளுங்க"ன்னாங்க. அந்தக் கை எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சுன்னு இப்பவும் ஞாபகம் இருக்கு. ஸ்டேஷன்ல ஒரு மாமியாரையும் உக்கார வைங்க. வெளிய இருக்கச் சொல்லிட்டுக் கேட்டாத்தான் மார்க்னு வைங்க.

ஊத்தங்கரை ஜி.பி.
இருபது வருஷமா கிளினிக் நடத்துறேன். செத்துப்போகத் தோணுதான்னு நேரா கேட்டா நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும். மனச்சோர்வு பார்க்கிற பிஎச்கியூ-9 கேள்வித்தாளைக் கொடுங்க, சாவைப் பத்தின ஒன்பதாவது கேள்வியில அவங்களே டிக் பண்ணிடுவாங்க. தூக்கம், பசி, வீட்டுக் கஷ்டம்னு மெதுவாப் பேசிட்டு வந்தாலே போதும்.

நோயாளியா நடிக்கிற சிஸ்டர்
ஜி.பி. சார், மெதுவா வரணுங்கிறது சரி. ஆனா வந்து சேரணுமே. நான் ஒரே நாள்ல 14 பேருக்கு நடிச்சேன். ஒரே ஒரு பொண்ணுதான், "இவ்வளவு பாரம் இருந்தா சிலருக்குச் செத்துடலாம்னுகூடத் தோணும். உங்களுக்குத் தோணுதாம்மா?"ன்னு கேட்டா. "தோணுதுங்க"ன்னேன். சொன்னதும் எனக்கே லேசா இருந்துச்சு. அடுத்த நொடி, "பிள்ளைங்க முகத்தைப் பாருங்கம்மா, அப்படிச் சொல்லலாமா?"ன்னுட்டா. என் வாய் மூடிக்கிச்சு. எப்படின்னு யோசிச்சிருக்கேனா, எப்போ, முன்னாடி முயற்சி பண்ணேனா, எது என்னைத் தடுக்குது, நாலுக்கும் பதில் என்கிட்ட இருந்துச்சு. அவ ஒண்ணும் கேக்கலை.

இன்னொருத்தர், "வீட்ல மருந்து இருக்கா?"ன்னார். "தலைவலி மாத்திரை இருக்குங்க"ன்னேன், அவர் எழுதிக்கிட்டார். நம்ம ஊர்ல தோட்டத்துக்கு அடிக்கிறதும் மருந்துதான். பூச்சிமருந்து எங்க இருக்கு, சாவி யார்கிட்டன்னு கேட்டாத்தான் கேள்வி.

தேர்வு வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. அஞ்சு பேருக்கு ஒருதரம் ஆளை மாத்துங்க. முடிஞ்சதும் எங்க சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பத்து நிமிஷம் உக்காந்து பேசுங்க. அந்தக் கஷ்டம் வீட்டுல இருக்கிறவங்களை நடிக்கவே கேக்காதீங்க. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

ராயக்கோட்டை அண்ணன்
எனக்குப் பரீட்சை பத்தித் தெரியாதுங்க. என் தங்கச்சிகிட்ட ஒரு டாக்டரம்மா நேராத்தான் கேட்டாங்க. தங்கச்சி ரொம்ப நேரம் அழுதுச்சு, அப்புறம் சோறு கேட்டுச்சு. அன்னைக்கே மருந்து டப்பாவெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஷெட்ல வெச்சுப் பூட்டினோம். சாவி அவர்கிட்டதான் இருக்கு.

பாலக்கோடு டாக்டர்
ஜி.பி. சார், கேட்டா எண்ணம் வந்துடும்கிற பயம் எனக்கும் இருந்தது. ஆய்வு பண்ணிப் பார்த்தவங்களுக்கு அப்படித் தெரியலை. படிவத்துல டிக் விழுந்தாலும், அதுக்கு மேல வாய்விட்டுக் கேட்கத்தான் வேணும். "தப்பான முடிவு"ன்னு கேட்டா, தப்பை யார் ஒத்துக்குவா? "இல்லையே"ன்னு முடிச்சா நாம எதிர்பார்க்கிற பதிலையும் சேர்த்தே கொடுத்துடறோம்.

அந்த ஒரு வரியை மூணா உடைச்சிருக்கேன். தனியா வெச்சுக் கேட்டாரா. செத்துப்போறதைப் பத்தி, இல்லைன்னு வாங்குற மாதிரி இல்லாம, நேராக் கேட்டாரா. "தோணுது"ன்னு வந்ததும் அறிவுரைக்குத் தாவாம திட்டம், நாள், வீட்டுல கைக்கு எட்டுறது, முந்தைய முயற்சின்னு மேல போனாரா. ஸ்கிரிப்ட்லயும் பூட்டு வெச்சுட்டேன். சுத்தி வளைச்சுக் கேட்டா சிஸ்டர் "இல்லைங்க"ன்னு குனிஞ்சுக்கணும், நேரா கேட்டா மட்டும் திறக்கணும்.

கடைசியா ஒரு வரி, இன்னைக்கு ராத்திரி இவங்க கூட யாருன்னு முடிவு பண்ணாரா. 14416ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பரைச் சொல்லிட்டு எழுந்துட்டா இதுக்கு மார்க் இல்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணினாலும் இல்லை, உசுருக்கு ஆபத்துன்னா வீட்டுக்குச் சொல்லித்தானே ஆகணும்.

நேரடிக் கேள்வி விட்டுப்போனா மத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் ஃபெயில்னு நான் சொல்றேன். கூட இருந்த எக்ஸாமினர், ஒரு பதட்டத்துல விட்டதுக்கு முழு ஸ்டேஷனும் போறது நியாயமில்லைங்கிறார். இன்னும் முடிவாகலை.

அரூர் ஹவுஸ் சர்ஜன்
ஃபெயில் போடுங்க சார். ஆனா அந்த 15 வாங்கின பையன்கிட்டச் சொன்னீங்களா?

பாலக்கோடு டாக்டர்
இன்னும் இல்லை. திங்கக்கிழமை ஓபியில என் பக்கத்துல உக்காரச் சொல்லியிருக்கேன்.