தைராய்டு ஸ்டார்ம்: ஸ்கோர் 40தான் வருகிறது, காலை வரை பார்க்கலாமா?

நைட்_ட்யூட்டி (இரவு 12.50)
அவசரம். 31 வயதுப் பெண். கழுத்தில் வீக்கம், கண் கொஞ்சம் பிதுங்கி இருக்கிறது. காய்ச்சல் 101.4, பல்ஸ் 124, படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்கிறார். தைராய்டு ஸ்டார்ம் என்று சந்தேகம். பர்ச்-வார்டாஃப்ஸ்கி ஸ்கோர் போட்டேன்: காய்ச்சலுக்கு 15, பல்ஸுக்கு 15, பதற்றத்துக்கு 10. மொத்தம் 40. 45 வந்தால்தானே ஸ்டார்ம்? ரத்தம் எடுத்தாயிற்று, டி4 ரிசல்ட் வெளி லேபிலிருந்து காலை 10 மணிக்குத்தான் வரும். அதுவரை பாராசிட்டமால், சலைன் போதுமா? சின்ன ஆஸ்பத்திரி, டாக்டர் நான் ஒருவன்தான்.

டாக்டர்_திண்ணை (12.56)
இந்த மாதத்தில் காய்ச்சலும் கழுத்து வீக்கமும் வந்தாலே எல்லோருக்கும் ஸ்டார்ம் ஞாபகம் வந்துவிடுகிறது. பிளேட்லெட் பார்த்தீர்களா? டெங்குவாக இருக்கும். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு ஸ்கோர் போடப் பழகுங்கள் தம்பி.

பழைய_ரெசிடென்ட் (1.01)
டெங்குவில் கண் பிதுங்காது சார். ஸ்கோர் அப்புறம் பார்ப்போம். நைட்_ட்யூட்டி, இவையெல்லாம் வேண்டும்: ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிட்டவரா, நிறுத்தினாரா? வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா? நுரையீரலின் அடிப்பகுதியில் கிரெப்ஸ் கேட்கிறதா? ஈ.சி.ஜி. எடுத்தீர்களா? பி.பி. என்ன? 101.4 என்பது பாராசிட்டமாலுக்கு முன்னா, பின்னா?

காரைக்குடி_மீனா (1.04)
எனக்கும் தைராய்டு இருக்கிறது, தினமும் காலையில் 50 மைக்ரோகிராம் மாத்திரை. போன மாதம் ஊருக்குப் போனபோது நான்கு நாள் விட்டுவிட்டேன். எனக்கும் இப்படி ஆகுமா? படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

நைட்_ட்யூட்டி (1.09)
மன்னிக்கவும். கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம், மூன்று வாரமாக இல்லை. அம்மா இப்போதுதான் சொன்னார். மாலையிலிருந்து ஆறு முறை வயிற்றுப்போக்கு, இரண்டு வாந்தி. பி.பி. 138/62. இரண்டு பக்கமும் அடியில் கிரெப்ஸ் உண்டு, சலைனால் வந்ததோ என்று விட்டுவிட்டேன். பாராசிட்டமால் ஊசி 11 மணிக்கே போட்டாயிற்று, அதற்கு முன் 103.2. ஈ.சி.ஜி. இனிமேல்தான்.

செவிலி_செல்வி (1.12)
டாக்டர், பல்ஸ் மணிக்கட்டில் எண்ணினீர்களா, மானிட்டரில் பார்த்தீர்களா? ஸ்டெத்தை மார்பில் வைத்துக்கொண்டே மணிக்கட்டையும் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எங்கள் வார்டில் ஒருவருக்கு மணிக்கட்டில் 110, நெஞ்சில் 150 இருந்தது. நடுவில் சில துடிப்பு கைக்கே வராது.

நைட்_ட்யூட்டி (1.21)
நெஞ்சில் 148. மணிக்கட்டில் 124தான். தாளமே இல்லை, குதித்துக் குதித்துப் போகிறது. ஈ.சி.ஜி.யில் பி அலை இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

பழைய_ரெசிடென்ட் (1.29)
நன்றி செல்வி. இப்போது உங்கள் 40ஐத் திரும்பப் போடுவோம். பாராசிட்டமாலுக்குப் பிறகான சூட்டையே வைத்துக்கொண்டாலும் 15. இதயத் துடிப்பு 140க்கு மேல், அதற்கு 25. பதற்றம் 10. வயிற்றுப்போக்கு, வாந்திக்கு 10. கிரெப்ஸுக்கு 10. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 10. மாத்திரை நின்றதுதான் தூண்டுகாரணம், அதற்கு 10. ஆக 90. உங்கள் கணக்கில் தவறில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த 40ஆகவே இருந்திருந்தாலும் 25 முதல் 44 வரை 'வரப்போகிறது' என்ற வகை. வீட்டுக்கு அனுப்பும் எண் அல்ல. டி4க்காகக் காத்திருக்க வேண்டாம். சாதாரணத் தைராய்டு மிகைக்கும் ஸ்டார்முக்கும் ஹார்மோன் அளவில் கோடு போட முடியாது, ரிசல்ட் வந்தாலும் அது இதைச் சொல்லாது. சலைனை மெதுவாக்குங்கள், ஆக்சிஜன் வைத்துப் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்.

டாக்டர்_திண்ணை (1.34)
நான் சொல்ல வந்ததும் அதுதான். உடனே புரொப்ரனலால் 80 மி.கி. கொடுங்கள். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. இதயத்தைக் கட்டினால் பாதி ஸ்டார்ம் அடங்கிவிடும்.

பழைய_ரெசிடென்ட் (1.38)
இவருக்கு 80 வேண்டாம் சார். அடியில் கிரெப்ஸ் இருக்கிறது. துடிப்பு வேகத்தால் மட்டும் நுரையீரலில் நீர் சேர்ந்ததா, இதயத் தசையே தளர்ந்ததா என்று எக்கோ இல்லாமல் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் பெரிய டோஸில் பி.பி. ஒரேயடியாக விழும், அது மருந்தின் வேலை, நோயின் வேலை அல்ல. எஸ்மலால் டிரிப் இருந்தால் அதுதான் நல்லது, நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும். இல்லையென்றால், கை கால் சூடாக, பி.பி. 138 இருக்கும் இவருக்கு புரொப்ரனலாலையே வாய்வழி 20 மி.கி.யில் ஆரம்பித்து, ஒரு மணி நேரம் கழித்து பி.பி., கிரெப்ஸ், துடிப்பு மூன்றையும் பார்த்துவிட்டு அடுத்தது. ஆஸ்துமா உண்டா என்று முதலில் கேளுங்கள்.

நைட்_ட்யூட்டி (1.41)
ஆஸ்துமா இல்லை. எஸ்மலால் இல்லை. பி.டி.யு.வும் இல்லை, கார்பிமசோல் 10 மி.கி. உண்டு. கொடுக்கட்டுமா?

பழைய_ரெசிடென்ட் (1.44)
கொடுக்கலாம், ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் வந்த பிறகு. ஒன்று, மாத்திரையை ஏன் நிறுத்தினார்? தொண்டை வலி, காய்ச்சல் வந்து நிறுத்தியிருந்தால் வெள்ளணு விழுந்திருக்கலாம். அப்படியானால் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுப்பது ஆபத்து. சி.பி.சி. எப்படி? இரண்டு, சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தீர்களா?

நைட்_ட்யூட்டி (1.52)
தீர்ந்துபோன பிறகு வாங்கவில்லையாம், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டாராம். தொண்டை வலி எதுவும் இல்லை. மொத்த வெள்ளணு 11,200, நியூட்ரோஃபில் 78 சதவீதம், பிளேட்லெட் 2.4 லட்சம். கர்ப்பம் இல்லை. வாய் திறக்க மாட்டேன் என்கிறார், டிரிப் வயரைப் பிடுங்கிக்கொண்டு 'என் வீட்டுக் கதவைத் திறங்கள்' என்கிறார்.

செவிலி_செல்வி (1.54)
அப்படிப் பேசினால் பதற்றத்துக்கு 10 போதாது, மனக்குழப்பத்துக்கு 20 போட வேண்டாமா?

பழைய_ரெசிடென்ட் (1.59)
போடலாம். நான் பார்த்தால் 20தான் போடுவேன், பக்கத்து அறை டாக்டர் 10 போடலாம். இந்த ஸ்கோரில் ஆளுக்கு ஆள் மாறும் இடம் அதுதான். 90ஐ 100 ஆக்கினாலும் செய்ய வேண்டியது மாறாது.

கார்பிமசோலை இடித்துத் தண்ணீரில் கரைத்து ரைல்ஸ் குழாய் வழியாக விடுங்கள். இப்போது 30 மி.கி., அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 20. புரொப்ரனலால் 20 மி.கி.யையும் அதே குழாயில். கூடவே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. டி4 வெளியே போய் டி3 ஆவதை அது குறைக்கும், அட்ரினலுக்கும் துணை. ஈரத்துணி, மின்விசிறி. ஆஸ்பிரின் தொடாதீர்கள், புரதத்தில் ஒட்டியிருக்கும் ஹார்மோனை அது அவிழ்த்துவிடும். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக், மாத்திரை நின்றதோடு எங்காவது நோய்த்தொற்றும் சேர்ந்திருக்கலாம்.

லேப்_குமார் (2.03)
அயோடின் சொல்லவில்லையே! அதுதான் சுரப்பியின் வாயை அடைக்கும். லூகால் கிடைக்கவில்லை என்றால் லேபில் கிராம் சாய அயோடின் இருக்கும், அதைக் கொஞ்சம் கொடுக்கலாமே?

பழைய_ரெசிடென்ட் (2.06)
வேண்டவே வேண்டாம் குமார். குடிப்பதற்காகத் தயாரித்தது அல்ல, செறிவும் வேறு. அயோடின் தேவைதான், ஆனால் மருந்தகம் தயாரித்த லூகால் கரைசல் மட்டும், அதுவும் கார்பிமசோல் உள்ளே போய் ஒரு மணி நேரமாவது ஆன பிறகு.

டாக்டர்_திண்ணை (2.11)
அந்த ஒரு மணி நேரம் பழைய கதை. ஜப்பான் சங்கத்தின் 2016 வழிகாட்டி, தைராய்டு தடுப்பு மருந்தோடு சேர்த்தே அயோடின் கொடுக்கச் சொல்கிறது. அமெரிக்கப் புத்தகத்தையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

பழைய_ரெசிடென்ட் (2.16)
அது எனக்கும் தெரியும் சார். கிரேவ்ஸ் என்று உறுதியாக இருந்தால் ஒருவேளை சரி. அதிக அயோடின் அங்கே சுரப்பதையே சில நாள் நிறுத்தும். முடிச்சுக் கழலையில் அயோடின் தீவனமாகிவிட்டால்? கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்த சில வாரத்தில் ஸ்டார்மாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுராத்திரியில் சுரப்பியைத் தடவிப் பார்த்து முடிவெடுப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நஷ்டம்?

டாக்டர்_திண்ணை (2.19)
நஷ்டம் என்ன என்று ஐ.சி.யு.வில் இருப்பவர்களைக் கேளுங்கள். மூச்சுத்திணறல் இருக்கிறதே, நுரையீரல் ரத்தக்கட்டி இல்லை என்று யார் பார்த்தது? ஒரு சி.டி. ஆஞ்சியோ எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

செவிலி_செல்வி (2.22)
கான்ட்ராஸ்டிலும் அயோடின்தானே சார். இப்போதுதான் அதைப் பற்றிச் சண்டை போட்டீர்கள்.

பழைய_ரெசிடென்ட் (2.27)
நைட்_ட்யூட்டி, லூகாலுக்காகக் காத்திருக்காமல் 108க்குச் சொல்லிவிடுங்கள், மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியவர் இவர். தாளில் மருந்தின் பெயர், டோஸ், கொடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். அங்கே அயோடினை எப்போது ஆரம்பிப்பது என்பது உங்கள் கார்பிமசோல் நேரத்தை வைத்துத்தான். மீனா மேடம், நீங்கள் சாப்பிடுவது ஹார்மோன் குறைவுக்கான மாத்திரை, இது நேர் எதிர். நான்கு நாள் விட்டதில் ஸ்டார்ம் வராது. டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

நைட்_ட்யூட்டி (அதிகாலை 4.10)
கார்பிமசோல் 2.12க்கு, புரொப்ரனலாலும் அப்போதே. 3.20க்கு நெஞ்சில் 126, பி.பி. 126/64, கிரெப்ஸ் கூடவில்லை, அதனால் இன்னொரு 20 கொடுத்தேன். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, கூடவே போகிறேன். அம்மா பையில் காலி அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார், கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியைப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறார், 23 நாள் ஆகிறது.

லேப்_குமார் (காலை 7.35)
அங்கே லூகால் கொடுத்தார்களா? டி4 எவ்வளவு வந்தது?

டாக்டர்_திண்ணை (7.48)
கொடுத்திருப்பார்கள், சேர்த்தேதான் கொடுத்திருப்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி_மீனா (8.02)
நன்றி டாக்டர். ஒரு சந்தேகம், மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்?