ஸ்கேன் செய்த பௌதிகவியல் பக்கங்களைத் திருத்தக்கூடிய குறிப்புகளாக்கிய அனுபவங்கள்

உப்புவெளி ஆசிரியை: உயர்தர மாணவர்களுக்காக வெப்ப விரிவுப் பாடத்தின் பழைய பக்கங்களை 300 dpi-இல் ஸ்கேன் செய்து, கீழுள்ள கட்டளையால் எழுத்தாக மாற்றினேன்.

```
tesseract pakkam.png kurippu -l tam+eng --psm 6 -c preserve_interword_spaces=1
```

தமிழ்ப் பந்திகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன. எழுத்துப் பிழைகள் வாசிக்கும்போதே கண்ணில் பட்டுவிடுகின்றன. என்னைக் கவலைக்குள்ளாக்கியது அட்டவணைதான். உலோகம், நீள விரிவுக் குணகம், உருகுநிலை, தன்வெப்பக் கொள்ளளவு என நான்கு நிரல்கள் அதில் இருந்தன. பித்தளை கலப்புலோகம் என்பதால் அதன் உருகுநிலைக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்க, அடுத்த நிரலின் 380 அந்த இடத்துக்கு நகர்ந்து, பித்தளை 380 பாகையில் உருகும் என்பதுபோல் நின்றது. செம்பு 1085, இரும்பு 1538 என்பவற்றோடு ஒப்பிடாத மாணவர் அதை நம்பிவிடுவார்.

நிலாவெளி வாசகர்: 600 dpi-இல் ஸ்கேன் செய்தால் இத்தகைய பிழைகள் வராது, ரீச்சர். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

கிண்ணியா வாசகர்: என்னிடமுள்ள PDF-இலிருந்து பிரதி செய்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே வருகின்றன. இதையும் இவ்வாறு திருத்தலாமா?

திருகோணமலை நகர் அச்சக ஊழியர்: கிண்ணியாத் தம்பி, உங்களுடையது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருக்கும், அதை யூனிகோடுக்கு மாற்றினாலே போதும், ஸ்கேன் தேவையில்லை. 600 dpi சிறிய மேலெழுத்துகளுக்கு உதவும் என்பது உண்மை, ஆனால் வெறுமையான கட்டத்தை அது நிரப்பாது. நான் முடிவை விரிதாளில் ஒட்டி, ஒவ்வொரு நிரையிலும் எத்தனை கட்டங்கள் உள்ளன என்று எண்ணுவேன். ஒன்று குறைந்த நிரையை மூலப் பக்கத்தோடு வைத்துப் பார்ப்பேன்.

சமன்பாடுகளைத் திருத்த முயல்வதைவிட, Word-இல் Alt+= அழுத்திப் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவானது. Δl = αlΔθ என்பது எனக்கு A1 = a1A0 என வந்தது; l என்னும் எழுத்து ஒன்று என்னும் இலக்கமாகிவிட்டதைப் பார்வையால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். அடுக்குகளோ இன்னும் ஆபத்தானவை, ஏனெனில் 12×10⁻⁶ என்பது 12×106 ஆகிவிடும். ஆகவே தட்டச்சு செய்த பின் பெறுமானங்களைப் பிரதியிட்டுப் பாருங்கள்: 1 மீற்றர் இரும்புக் கோல் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீள வேண்டும். 106 என்று விட்டிருந்தால் கோல் நூறு கிலோமீற்றருக்கும் மேல் நீளும்.

உப்புவெளி ஆசிரியை: நன்றி, அண்ணா. பிரதியிடும் இந்த முறை சமன்பாட்டையும் அட்டவணையையும் ஒன்றாகவே சோதித்துவிடுகிறது.

மூதூர் வாசகர்: என் பிரதி நிழற்படப் பிரதியின் பிரதி, கழித்தற்குறி தாளிலேயே மங்கியிருக்கிறது. அறிந்த உலோகமானால் கணக்கிட்டு நிரப்பலாம். பரிசோதனையில் பெற்ற அளவீடுகள் உள்ள அட்டவணையில் என்ன செய்வது?

அச்சக ஊழியர்: அங்கே நான் ஊகிப்பதில்லை, அக்கட்டத்தை மஞ்சளாக்கி விட்டுவிடுகிறேன். அதே பதிப்பின் தெளிவான பிரதி யாரிடமாவது இருந்தால் அறியத்தாருங்கள்.