வகைமயக்கம் எனலாமா? பத்தாம் வால்வு திறக்காததால் தேடும் சொல்

காவேரிப்பட்டணத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சொல் வேண்டும். நடந்ததை முதலில் சொன்னால்தான் எந்தப் பொருளுக்குக் கேட்கிறேன் என்பது விளங்கும்.

எங்கள் மாந்தோப்பில் சொட்டுநீருக்குப் பத்து வால்வுகள். எது எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று அப்பா ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து வாங்கிய அட்டவணை மோட்டார் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் தாள் மாறும். புதிய தாள் வந்தால் போனில் படம் எடுத்து எழுத்துணரியில் கொடுப்பேன். கிடைக்கும் கட்டங்களை என் பைதான் நிரல் யாமல் கோப்பாக எழுதும். வால்வைத் திறந்து மூடும் நிரல் அந்தக் கோப்பை `PyYAML` கொண்டு படிக்கும். போன மாதம் எழுதிய கோப்பில் மூன்று வரிசைகள் இவை:

```yaml
- வால்வு: 07
  தொடக்கம்: 06:30
  நிலை: ON
- வால்வு: 08
  தொடக்கம்: 18:00
  நிலை: OFF
- வால்வு: 010
  தொடக்கம்: 18:45
  நிலை: ON
```

தாளில் இருப்பது அப்படியே வந்திருக்கிறது, எழுத்துணரி ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. ஆனாலும் பத்தாம் வால்வின் மரங்கள் வாடின. சொட்டுவானில் அடைப்பு என்று நினைத்து அப்பா இரண்டு நாள் குழாயைக் கழுவினார். நிறுத்தி வைத்திருந்த எட்டாம் வால்வின் கீழோ மண் ஈரமாகவே இருந்தது. கடைசியில் கோப்பைப் படித்த பிறகு நிரலின் கையில் என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தேன்:

```
7     '06:30'   True
'08'  1080      False
8     1125      True
```

`010` என்பது எண்ம முறை எண்ணாகி 8 ஆகிவிட்டது. `08` எண்ம முறையில் இருக்க முடியாததால் வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. அதனால் எட்டாம் வரிசையை நிரல் கண்டுகொள்ளவே இல்லை, பத்தாம் வரிசையை எட்டு என்று எடுத்துக்கொண்டு 18:45க்குத் தண்ணீர் விட்டிருக்கிறது. அப்பா 01, 02 என்று எழுதிக்கொண்டு போய், 09க்குப் பிறகும் முன்சுழியை விடாமல் 010 என்று தொடர்ந்ததுதான் தொடக்கம்.

இதற்கு முன்பே எனக்கு ஒரு தடயம் கிடைத்தது, நான்தான் கவனிக்கவில்லை. மாலை நேரங்களில் மட்டும் நிரல் பிழை காட்டி நின்றது. 1080 வருகிறதே என்று 60ஆல் வகுத்து மணியாக்கிச் சமாளித்தேன். காலை நேரம் எழுத்தாகவும் மாலை நேரம் எண்ணாகவும் ஏன் வருகிறது என்று அன்றே கேட்டிருந்தால் பத்தாம் வால்வு வாடியிருக்காது.

மாணவர்களுக்கான கையேட்டில் இதைப் பற்றி எழுதுகிறேன். கோப்பைப் படிக்கும் நிரல் ஒரு மதிப்பின் தோற்றத்தைப் பார்த்து, இது எண், இது ஆம்-இல்லை, இது எழுத்து என்று தானே முடிவு செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போதைக்குத் ‘தானியங்கி வகைமாற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது சரியாகப் படவில்லை.

ஓசூரிலிருந்து

அக்கா, இது பழைய பிரச்சினை. `PyYAML` பின்பற்றுவது 2005இல் வந்த யாமல் 1.1. அதில் 18:00 என்பது அறுபதடிமான எண், 18 பெருக்கல் 60. ON, OFF, yes, no எல்லாம் ஆம்-இல்லை. 2009இல் வந்த 1.2இன் அடிப்படை விதிகளில் இதெல்லாம் போய்விட்டது, `true`, `false` மட்டும்தான். 1.2 படிக்கும் நூலகத்துக்கு மாறினால் `010` பத்தாகவே வரும், 18:00 எழுத்தாக வரும். தனியாக ஒரு சொல் தேவைப்படும் அளவுக்குப் பிரச்சினையே இருக்காது.

தருமபுரியிலிருந்து

தம்பி சொன்ன வரலாறு சரி, மருந்துதான் பாதி. 1.2க்கு மாறினால் ON, OFF இரண்டும் எழுத்தாக வரும். திறக்கும் நிரலில் `if row["நிலை"]:` என்று இருந்தால், வெறுமையில்லாத எந்த எழுத்துத்தொடரும் பைதானுக்கு உண்மைதான். OFF போட்ட வால்வும் திறந்துகொள்ளும். இன்று ஒரு வால்வு தவறு, நாளைக்கு நிறுத்தி வைத்த எல்லா வால்வும் தவறு.

தவறு பதிப்பில் இல்லை. மதிப்பு என்ன வகை என்பதை ஒவ்வொரு கட்டத்தின் தோற்றமும் முடிவு செய்ய விட்டதுதான் தவறு. அதை முடிவு செய்ய வேண்டியது நெடுவரிசை. ஒரு நெடுவரிசைக்கு ஒரே வகை, அதை நாம் முன்பே எழுதி வைக்க வேண்டும். நான் பார்க்கும் சோதனை எளியது: அந்த நெடுவரிசையில் இரண்டு கட்டங்களைக் கூட்டினால் பொருள் வருமா? நிமிடத்தைக் கூட்டலாம், அது எண். ஏழாம் வால்வையும் எட்டாம் வால்வையும் கூட்டினால் பதினைந்தாம் வால்வு வராது. ஆகவே வால்வு எண் என்பது எண்ணே அல்ல, பெயர். TN 29 என்று வண்டியில் எழுதியிருப்பதில் உள்ள 29 போல.

இன்னொன்று, யாமலை நீங்களே எழுத்தை எழுத்தோடு ஒட்டி எழுதாதீர்கள். வகை பிரித்த மதிப்புகளை `yaml.safe_dump` இடம் கொடுங்கள். எழுத்துத்தொடராகக் கொடுத்த 010க்கும் 18:00க்கும் அதுவே மேற்கோள்குறி இட்டுவிடும். ஓர் எல்லை உண்டு: 08க்கு இடாது, ஏனென்றால் 1.1 கண்ணில் அது எப்படியும் எழுத்துதான். அதே கோப்பை 1.2 நிரல் படித்தால் எட்டு என்ற எண்ணாகிவிடும். இரண்டு பக்கமும் படிக்கப்படும் கோப்பானால் எழுத்துக்கெல்லாம் கட்டாயமாக மேற்கோள்குறி போடச் சொல்லுங்கள்.

சொல்லைப் பற்றி: ‘மாற்றம்’ வேண்டாம். மாறுவதற்கு முன்னால் அங்கே ஒரு வகையும் இல்லை. தாளில் இருந்தது மை, கோப்பில் இருந்தது எழுத்து. படிக்கும்போதுதான் முதன்முதலாக வகை ஏறுகிறது. ‘வகையேற்றம்’ என்பேன்.

பாலக்கோட்டிலிருந்து

அண்ணன்மாரே, அக்காமாரே, எந்த எழுத்துணரி நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கும் உதவும். தக்காளி மண்டிச் சிட்டைகளைப் படமெடுத்து ஏற்றப் பார்க்கிறேன். என் சிக்கல் வேறு. ஒரே விவசாயி ஐந்து வகைப் பெட்டி போட்டால் முதல் வரியில்தான் பெயர் இருக்கும், கீழே நான்கிலும் ‘மேற்படி’. எழுத்துணரி அதைச் சரியாகவே படிக்கிறது. கணக்கில்தான் மேற்படி என்று ஒரு ஆள் நாற்பது பெட்டி போட்டதாக வருகிறது.

அரூரிலிருந்து

பாலக்கோட்டுத் தம்பிக்கு: மேற்படிக்கென்றே தமிழில் ஒரு குறி உண்டு, ௸. பழைய பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள். சொல்லாக வந்தாலும் குறியாக வந்தாலும், மேல்வரியின் பெயரை இறக்கி நிரப்பிய பிறகே மற்ற வேலை. அது வகைச் சிக்கல் அல்ல, தாள் எழுதும் வழக்கம்.

அம்மா கேட்ட சொல்லுக்கு வருகிறேன். முப்பது ஆண்டு இலக்கணம் நடத்தியவன் என்பதால் எனக்கு இது பழகிய இடமாகத் தெரிகிறது. ‘வந்தான்’ என்றால் காலம் சொல்லிலேயே தெரிகிறது, அது தெரிநிலை வினைமுற்று. ‘அவன் கரியன்’ என்றால் காலத்தை நாம்தான் உணர்ந்துகொள்கிறோம், அது குறிப்பு வினைமுற்று. கோப்பில் `!!str` என்று வகையை எழுதியே வைத்தால் அது தெரிநிலை வகை. எழுதாமல் படிப்பவர் உணர விட்டால் குறிப்பு வகை.

அதனால் வரும் பிழைக்கும் சொல் நம்மிடமே இருக்கிறது. ஒரு வேற்றுமை வர வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதை வேற்றுமை மயக்கம் என்கிறோம். ஒரு வகை வர வேண்டிய இடத்தில் வேறு வகை வந்து நின்றால், வகைமயக்கம்.

தருமபுரியிலிருந்து

ஐயா, தெரிநிலை வகையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குறிப்பு வகையில் இரண்டு தயக்கம். நிரலாக்கத்தில் நினைவக இடத்தைச் சுட்டும் வகைகளைச் சிலர் ஏற்கெனவே குறிப்பு வகை என்று எழுதுகிறார்கள். அடுத்தது, குறிப்பு வினையில் காலத்தை உணர்வது சூழலால். யாமல் சூழலைப் பார்ப்பதே இல்லை. மேலே ஒன்பது வரிசையிலும் வால்வு எண்தானே இருக்கிறது, இதுவும் அதுவாகத்தான் இருக்கும் என்று அது எண்ணுவதில்லை. அந்த ஒரு கட்டத்தின் தோற்றம் மட்டுமே அதற்குத் தெரியும். சூழலைப் பார்த்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது. ஆகவே ‘தோற்ற வகை’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஓசூரிலிருந்து

if வரியை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வகைமயக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதுகாப்புத் துறையில் ஒரு வகைப் பொருளை வேறு வகை என்று நம்பி நினைவகத்தைத் தொடும் ஓட்டை ஒன்று இருக்கிறது. அதையும் தமிழில் எழுதுபவர்கள் இதே சொல்லுக்குத்தான் வருவார்கள். ஊரில் மயக்கம் என்றால் தலைசுற்றல்தான் நினைவுக்கு வரும் என்பதையும் பாருங்கள்.

அரூரிலிருந்து

சூழல் பற்றிய மறுப்பு சரியானது. குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன், தோற்ற வகையே இருக்கட்டும். மயக்கத்தை மட்டும் விட மனமில்லை. தலைசுற்றல் பிற்காலப் பொருள், கலத்தல் என்பதே இலக்கணப் பொருள். ஒரே சொல் இரண்டு துறையில் இருப்பதும் புதிதல்ல.

காவேரிப்பட்டணத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. நெடுவரிசைக்கு ஒரு வகை என்று மாற்றி எழுதிவிட்டேன். சாவிகளைத் தொடும்போது இன்னும் இரண்டு அகப்பட்டன.

தாளின் தலைப்பு இரண்டு வரி. மேலே ‘தொடக்க’, ‘ஓடும்’, கீழே இரண்டிலும் ‘நேரம்’. எழுத்துணரி கீழ்வரியை மட்டும் தலைப்பாக எடுத்த ஒரு நாளில் இரண்டு சாவியும் ‘நேரம்’ ஆகிவிட்டன. ஒரே சாவி இருமுறை வரக்கூடாது என்பது யாமல் விதி. `PyYAML` அதைச் சொல்வதில்லை, பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னதை ஓசையில்லாமல் விட்டுவிடுகிறது. தொடக்க நேரம் காணாமல் போனது இப்படித்தான். இப்போது சாவிகளின் எண்ணிக்கை நெடுவரிசைகளின் எண்ணிக்கைக்குச் சமமா என்று பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

மற்றது நம் எழுத்துக்கே உரியது. ‘தொடக்கம்’ என்ற சாவி கோப்பில் இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘தொ’வின் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். எழுத்துணரி தந்தது இரண்டு, நான் தட்டியது ஒன்று. `unicodedata.normalize("NFC", s)` என்று கொடுத்ததும் இரண்டும் ஒன்றாகின. ஆனாலும் தாளின் தலைப்பை அப்படியே சாவியாக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். தலைப்பு அப்பா மாற்றுவது, சாவி நிரல் தேடுவது. தலைப்புக்கு எதிரே சாவியை எழுதிய சிறு பட்டியலில் எந்த அலகு என்பதையும் சாவியிலேயே சேர்த்துவிட்டேன்:

```yaml
- valve: "010"
  start: "18:45"
  run_minutes: 45
  enabled: true
```

பட்டியலில் இல்லாத தலைப்பு வந்தால் கோப்பை எழுதாமல் நிற்கும். நிலையில் ON, OFF தவிர எது வந்தாலும், 0N என்று சுழியோடு வந்தாலும், நிற்கும்.

கையேட்டில் தெரிநிலை வகை, தோற்ற வகை இரண்டையும் சேர்த்துவிட்டேன். வகைமயக்கத்துக்குப் பக்கத்தில் ஓசூர்த் தம்பியின் மறுப்பையும் குறித்து வைத்திருக்கிறேன். சாவி என்பதா திறவுகோல் என்பதா என்பதற்குத் தனி மடல் போடுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து

பெயரை இறக்கி நிரப்பியாயிற்று ஐயா, கணக்கு சரியாக வருகிறது. எங்கள் சிட்டையில் நேரத்தை 6.30 என்று புள்ளி வைத்து எழுதுவார்கள். கோப்பில் அது 6.3 என்று வருகிறது. இதுவும் அந்த மயக்கம்தானா?