வேலை விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை, இந்தக் கடிதம் சரியா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், லாரி எடை போடும் இடத்துக்குக் கிராணி கேட்டிருந்தார்கள். மின்னஞ்சலில் விண்ணப்பித்து ஐந்து வாரம் ஆகிறது. விண்ணப்ப இறுதி நாள் முடிந்தே மூன்று வாரம். அதற்கு முன் கேட்டிருந்தால் அவசரக்குடுக்கை என்று நினைத்திருப்பார்கள், அதனால் பொறுத்திருந்தேன்.

நேற்றுதான் பார்த்தேன், நான் கொடுத்திருந்தது பழைய ப்ரீபெய்ட் எண். டாப் அப் செய்யாமல் அது செத்தே போயிற்று! கூப்பிட்டுப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

முதலில் "ஏன் இன்னும் பதில் இல்லை" என்று எழுதினேன். சித்தி படித்துவிட்டு, "கடன் வசூல் பண்ணுற மாதிரி இருக்கு" என்றார். மாற்றியது இது:

"வணக்கம் ஐயா. எடை போடும் கிராணி வேலைக்குக் கடந்த மாதம் 4-ஆம் தேதி விண்ணப்பித்திருந்தேன். என் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் உள்ளதா என அறிய விரும்புகிறேன். என் தொலைபேசி எண் மாறிவிட்டது, புதிய எண் கீழே உள்ளது. எஸ்.பி.எம். சான்றிதழை மீண்டும் இணைத்துள்ளேன். நன்றி."

புது மின்னஞ்சலாக அனுப்பாமல், பழைய விண்ணப்பத்தின் கீழேயே பதிலாக அனுப்பப் போகிறேன். அப்போதுதான் தேடாமல் கிடைக்கும்.

யாராவது இதை நல்ல மலாயில் மாற்றித் தர முடியுமா? என் மலாய் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கும். அப்புறம், இதற்கும் பதில் வராவிட்டால் அலுவலகத்துக்கே போன் பண்ணலாமா, எத்தனை நாள் விட்டு?